முன்னாள் மாணவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ்: "ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை" என்ற வரியின் கீழே கையெழுத்துப் போடலாமா?

மேசைக்குறிப்பு

வணக்கம். ஒரு கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவைப் பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த ஒருவர் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறார். அவருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் தானே ஒரு படிவத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் முதல்வர் அதில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். படிவத்தில் இருப்பது இவ்வளவுதான்:

"இவரை நான் நேரில் அறிவேன். இவர் நன்னடத்தை உடையவர். படித்த காலத்தில் இவர் மீது எவ்வித ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை."

கடைசி வரியில்தான் தகராறு. ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டைப் புரட்டினால், இவர் இரண்டாம் ஆண்டில் விடுதியில் நடந்த ஒரு சண்டையில் இருந்திருக்கிறார். மூன்று பேருக்குப் பத்து நாள் இடைநீக்கம். அப்பா வந்து உறுதிமொழிக் கடிதம் கொடுத்திருக்கிறார். அதன் கீழே அப்போதைய முதல்வரின் கையில், "எச்சரித்து வகுப்பில் அனுமதிக்கப்பட்டார். முடித்து வைக்கப்படுகிறது" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு இவர் பெயர் பதிவேட்டில் எங்கும் இல்லை. மாற்றுச் சான்றிதழின் அலுவலகப் பிரதியில் நடத்தைக்கு நேரே "நன்று".

மாணவர், "சார், எப்பவோ முடிந்துபோன விஷயம், அப்படியே கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்" என்கிறார். முதல்வர் சென்ற ஆண்டுதான் வந்தவர், இந்த மாணவரின் முகத்தையே பார்த்ததில்லை. "வாசகத்தை நீங்கள் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார். என்ன எழுதுவது?

நெய்தல்

இதற்குக் கல்லூரிக்கு எதற்கு அலைய வேண்டும்? காவல்துறையில் விண்ணப்பித்தால் சரிபார்த்துக் கொடுப்பார்களே. என் தம்பிக்கு அப்படித்தான் வாங்கினோம்.

மேசைக்குறிப்பு

அது வேறு சான்றிதழ் நெய்தல். குற்ற வழக்கு உண்டா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள். விடுதிச் சண்டை அங்கே போகவே இல்லை. நிறுவனம் கேட்பது கல்லூரி என்ன சொல்கிறது என்பதை.

ஆள்தேடி

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், இப்படிப்பட்ட காகிதங்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. ரொம்ப யோசிக்காதீர்கள். சான்றிதழில் ஒருவரைப் பற்றிக் கெட்டதாக எழுதக் கூடாது என்பதுதான் சட்டம். எழுதினால் அவதூறு வழக்குப் போடுவார்கள். அதனால் எல்லா நிறுவனங்களும் நல்லதையே எழுதுகின்றன, நாங்களும் அதை அப்படித்தான் வாசிக்கிறோம். முடிந்துபோன பத்து நாள் இடைநீக்கத்தை யாரும் தோண்டப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

பழைய பதிவாளர்

ஆள்தேடி தம்பி சொல்வதில் பாதி சரி. மறு பாதியை நம்பிக் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வது மேசைக்குறிப்பும் அவருடைய முதல்வரும்தான்.

கெட்டதை எழுதவே கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும், விசாரித்துத் தெரிந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1994-ல் இங்கிலாந்தில் அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, ஸ்பிரிங் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பழைய முதலாளி கொடுத்த பரிந்துரைக் கடிதம் மோசமாக இருந்ததால் அவருக்கு வேலை கிடைக்காமல் போனது. கடிதம் எழுதுகிறவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர் விஷயத்தில் கவனக்குறைவாக இருக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கவனமாக எழுது என்றுதான் சொன்னார்கள், இனிப்பாக எழுது என்று சொல்லவில்லை. கடிதத்தை நம்பி வேலை கொடுப்பவரையும் மறந்துவிடக் கூடாது. அவரிடம் தெரிந்தே பொய் சொன்னால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே ஒன்றைச் சொல்லாமல் விடுவது வேறு, இல்லை என்று சொல்வது வேறு. முடித்து வைத்த ஒரு சின்ன விவகாரத்தைச் சான்றிதழில் குறிப்பிடாமல் விடலாம், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் விடுகிறோம். "எவ்வித ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை" என்பது அப்படி விடுவதாகாது. பதிவேட்டில் இருப்பதை மறுக்கிற வரி அது.

இது எப்படி வெளியே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து, சரிபார்ப்பு வேலையை ஒப்பந்தம் எடுத்த யாரோ ஒருவரிடமிருந்து கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். "இச்சான்றிதழ் உங்களால் வழங்கப்பட்டதா? இதிலுள்ள விவரங்கள் சரியா?" அன்றைக்கு மேசைக்குறிப்பு விடுப்பில் இருப்பார். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் புதுப் பையன் நேர்மையாகப் பதிவேட்டைப் பார்த்து, "இடைநீக்கம் உண்டு" என்று பதில் போட்டுவிடுவான். இடைநீக்கத்துக்காக யாரும் அந்த மாணவரை வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தார் என்று அனுப்புவார்கள்.

இரண்டாம்படி

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் எனக்குக் கோபம் வருகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் போட்ட சண்டை. தண்டனையையும் அனுபவித்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பதிவேடு ஆளைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டுமா?

பழைய பதிவாளர்

துரத்த வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன் தம்பி. அதற்குத்தான் வாசகத்தைச் சரியாக எழுத வேண்டும்.

அந்தப் படிவத்தில் கடைசி வரி மட்டும் சிக்கல் இல்லை, மூன்று வாக்கியமும் சிக்கல்தான். "நேரில் அறிவேன்" என்று எழுதப் போகிறவர் மாணவரைப் பார்த்ததே இல்லை. இந்திய மத்திய அரசுப் பணிக்கான நன்னடத்தைச் சான்றிதழ்ப் படிவத்தில் இன்னாரை இத்தனை ஆண்டு, இத்தனை மாதமாக அறிவேன் என்றும், அவர் எனக்கு உறவினர் அல்ல என்றும் வரும். அது தனி மனிதர் ஒருவர் தன் அறிவிலிருந்து தருகிற சான்று. அந்த மாதிரிப் படிவத்தை அவருக்குப் பாடம் எடுத்த பேராசிரியரிடம் கொடுங்கள். நேற்று வந்த முதல்வர் அதில் கை வைக்கக் கூடாது. கல்லூரி தருகிற சான்று பதிவேட்டிலிருந்து வருவது. "கல்லூரிப் பதிவேடுகளின்படி" என்று தொடங்கினாலே பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது, "நன்னடத்தை உடையவர்". இது இன்றைய நிலவரம். போன நான்கு ஆண்டில் அவர் என்ன செய்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "படித்த காலத்தில் நடத்தை இவ்வாறு இருந்தது" என்று இறந்த காலத்தில் எழுதி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்றும் போடுங்கள்.

நானாக இருந்தால் படிவத்தைத் தொடாமல் கல்லூரியின் கடிதத்தாளில் இப்படி எழுதுவேன்:

"இவர் இக்கல்லூரியில் 2017 ஜூலை முதல் 2020 ஏப்ரல் வரை இளங்கலைப் பட்டப்படிப்பு பயின்றார். கல்லூரிப் பதிவேடுகளின்படி, படிப்பை முடித்துச் சென்றபோது இவரது நடத்தை 'நன்று' எனப் பதிவாகியுள்ளது. அன்று இவர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை. மாணவரின் வேண்டுகோளின்பேரில் வழங்கப்படும் இச்சான்றிதழ் மேற்குறித்த காலத்துக்கு மட்டும் உரியது."

மாதங்களை உங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். "நன்று" என்ற சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றுச் சான்றிதழில் கல்லூரி ஏற்கெனவே ஒரு தடவை பேசிவிட்டது. இப்போது "மிக நன்று" என்றாலும் "திருப்திகரம்" என்றாலும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் ஏன் மாறியது என்று கேட்பார்.

ஆள்தேடி

ஐயா, அவதூறு விஷயத்தில் நான் கொஞ்சம் அகலமாகச் சொல்லிவிட்டேன் போல, சரி. ஆனால் உங்கள் வாசகத்தில் ஒரு வரி எங்கள் கண்ணில் உடனே படும். "நிலுவையில் இல்லை" என்று பார்த்ததுமே, "அப்படியானால் முடிந்துபோன ஒன்று இருந்ததா?" என்றுதான் கேட்கத் தோன்றும். சாதாரணமாக யாரும் அப்படி எழுதுவதில்லை. மறைக்கப் போய் நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.

பழைய பதிவாளர்

நல்ல கேள்வி. அந்த வரி உங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் போகிற வரியா, இவருக்கு மட்டுமா என்பதைப் பொறுத்தது. மேசைக்குறிப்பு, சான்றிதழ் நகல் கோப்பை எடுத்துப் பாருங்கள். எல்லாருக்கும் நிலுவை பற்றி எழுதுகிற வழக்கம் இருந்தால் இவருக்கும் எழுதுங்கள். இல்லையென்றால் இவருக்கும் வேண்டாம், அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மாதிரி வாசகம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே கொடுக்கும் அலுவலகத்தில், ஒருவருக்கு மட்டும் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அது சாடையாகிவிடும்.

கயல்

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நான் மாணவி இல்லை, வேலை பார்த்து விலகியவள். ஒரு நிறுவனத்தில் ஆறு ஆண்டு இருந்தேன். ஒரு குறை, ஒரு விளக்கக் கடிதம், எதுவும் கிடையாது. கடைசி மாதத்தில் மேலாளரோடு விடுப்புக் கணக்கில் வாக்குவாதம், அவ்வளவுதான். பணிச் சான்றிதழில் "பணிக்காலத்தில் இவரது நடத்தை திருப்திகரமாக இருந்தது" என்று கொடுத்தார்கள். படித்தபோது நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அதே மாதம் விலகிய தோழியின் சான்றிதழைப் பார்த்தால் "மிகச் சிறப்பாக இருந்தது. இவரது எதிர்கால முயற்சிகள் வெற்றி பெற வாழ்த்துகிறோம்" என்று இருக்கிறது. எனக்கு வாழ்த்துகூட இல்லை. புது இடத்தில் நேர்காணல் செய்தவர், "ஏன் திருப்திகரம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், ஏதாவது பிரச்சினையா?" என்று நேராகவே கேட்டார். என்ன பதில் சொல்வது? திருப்தி என்றால் திருப்திதானே?

ஆள்தேடி

அகராதியில் திருப்திதான். எங்கள் மேசையில் அது கடைசிப் படி. மிக நன்று, நன்று, திருப்திகரம் என்று மூன்று இருந்தால், மூன்றாவதைப் பார்த்ததும் தொலைபேசியை எடுப்போம். வாழ்த்து வரி இல்லாததையும் கவனிப்போம். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடக்கிறது.

பழைய பதிவாளர்

இதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் ஜெர்மனி. அங்கே விலகும் ஊழியர் எழுத்துச் சான்றிதழ் கேட்டால் முதலாளி கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் அவர் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்காதபடி எழுத வேண்டும். ஆள்தேடி ஆரம்பத்தில் சொன்னதற்கு மிக அருகில் வரும் நாடு அதுதான். விளைவு என்ன? வெளிப்படையாகக் குறை சொல்ல முடியாததால் பாராட்டுக்குள்ளேயே மதிப்பெண் புகுந்துவிட்டது. "எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான மனநிறைவு தந்தார்" என்றால் முதல் தரம். "எப்போதும்" போய், "மிக" போய், "முழு மனநிறைவு" என்று மட்டும் நின்றால் நடுத்தரம். தனக்கு நடுத்தரத்துக்கு மேல் வேண்டும் என்று ஒருவர் போட்ட வழக்கு 2014-ல் அங்குள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. மேலே வேண்டும் என்றால் அதற்குத் தகுந்த வேலையைச் செய்ததாக ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும், மேலே ஒன்று சொல்லி உள்ளே வேறு பொருள் வைக்கும் வாசகம் கூடாது என்று அவர்களுடைய தொழில் சட்டத்தின் 109-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

கயல் அம்மா, உங்கள் விஷயத்தில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "நான் நல்லவள், மாற்றுங்கள்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். "என் பணிக்கோப்பில் குறை, எச்சரிக்கை, விளக்கம் கேட்ட குறிப்பு ஏதேனும் இருந்தால் அதன் நகலைத் தரவும், இல்லையெனில் அதே காலத்தில் விலகிய பிறருக்கு வழங்கிய வாசகத்தையே எனக்கும் வழங்கவும்" என்று கேளுங்கள். கோப்பில் ஒன்றும் இல்லாமல் ஒருவருக்கு மட்டும் சொல்லைக் குறைத்ததற்குக் காரணம் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

கயல்

ஏற்கெனவே ஒரு மின்னஞ்சல் போட்டேன் ஐயா. "இதுவே எங்கள் நிலையான வடிவம்" என்று ஒரு வரியில் பதில். தோழி தன் சான்றிதழின் நகலைத் தரத் தயங்குகிறாள், அவள் தயக்கமும் புரிகிறது. நீங்கள் சொன்னபடி ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டாம்படி

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழில் இல்லை என்பதால் தப்பித்துவிட முடியாது. மத்திய அரசுப் பணி என்றால் சான்றளிப்புப் படிவம் ஒன்று தருவார்கள், அதை விண்ணப்பதாரரே நிரப்ப வேண்டும். எந்தத் தேர்விலிருந்தாவது விலக்கப்பட்டீர்களா, எந்தக் கல்வி நிறுவனத்திலிருந்தாவது வெளியேற்றப்பட்டீர்களா என்று அதில் ஒரு கேள்வி வரும். கல்லூரி எதையோ எழுதட்டும், அங்கே பொய் சொன்னால் அது அவர் தலையில். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது, மறைத்தால் வேலை போய்விடும் என்று.

பழைய பதிவாளர்

அந்தத் தீர்ப்பு கைது, வழக்கு, தண்டனை ஆகியவற்றை மறைப்பது பற்றியது. மறைத்தாலே வேலை போய்விடும் என்று அது ஒரேயடியாகச் சொல்லவில்லை. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. மறைக்கப்பட்டது அற்பமான விஷயமா, பெரிய விஷயமா என்று அதிகாரி எடைபோடலாம் என்றும் சொன்னது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் என்பதையும் கவனியுங்கள். பத்து நாள் இடைநீக்கமும் கல்லூரியை விட்டு வெளியேற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் "ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும்" என்று அகலமாகக் கேட்டால் இடைநீக்கமும் அதற்குள் வந்துவிடும். மேசைக்குறிப்பு காட்டிய படிவம் கேட்பது அந்த அகலமான கேள்வியை.

அதனால் மாணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நிறுவனத்திடம் அவரே ஒரு பத்தியில் சொல்லிவிடச் சொல்லுங்கள். நடந்தது, தண்டனை, முடித்து வைத்தது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்பது. அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால், பதிவேட்டிலுள்ள அந்த முடிப்புக் குறிப்பை நீங்களும் உறுதிப்படுத்திக் கொடுக்கலாம். அவர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் அந்தப் பக்கத்தை வெளியே காட்டாதீர்கள், வெறும் தொலைபேசியில் கேட்டால் கட்டாயம் சொல்லாதீர்கள்.

மேசைக்குறிப்பு

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாணவர் வந்தார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சரிபார்ப்பு மின்னஞ்சல் எப்படி வரும் என்று விளக்கிச் சொன்னதும் இறங்கி வந்தார். நிறுவனத்துக்கு அவரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நகல் கோப்பில் பார்த்தேன், நிலுவை பற்றி யாருக்கும் எழுதியதில்லை. ஆகவே அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மீதி வாசகத்தை முதல்வர் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

அச்சடித்த படிவத்தை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. மூன்று வாக்கியத்தையும் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, "இணைப்புக் கடிதம் காண்க" என்று எழுதலாம் என்கிறார் முதல்வர். அடித்த கோடே என்னைக் குற்றவாளி மாதிரிக் காட்டும், படிவத்தை வெறுமையாக விட்டுக் கடிதத்தை மட்டும் தாருங்கள் என்கிறார் மாணவர்.

ஆள்தேடி

இதில் மாணவர் பக்கம் நான். வேறு கல்லூரிகளும் எங்கள் படிவத்தை நிரப்பாமல் சொந்தக் கடிதம் அனுப்புவது உண்டு, அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. கோடு போட்ட படிவம் வந்தால் குழுவில் நாலு பேர் பார்ப்பார்கள்.

பழைய பதிவாளர்

கையெழுத்தும் முத்திரையும் இல்லாத வெற்றுப் படிவம் மாணவர் கையில் போகக் கூடாது என்பது மட்டும் என் கவலை. கல்லூரியிலேயே வைத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் கொடுங்கள். கடிதத்துக்கு எண் போட்டு, அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி, நகலைக் கோப்பில் வையுங்கள்.

மேசைக்குறிப்பு

அப்படியே செய்கிறேன். ஆனால் நகல் கோப்பைப் புரட்டியபோது இன்னொன்று கண்ணில் பட்டுவிட்டது. அதே சண்டையில் இடைநீக்கம் ஆன மூன்று பேரில் ஒருவர், இரண்டு ஆண்டுக்கு முன் சான்றிதழ் வாங்கிப் போயிருக்கிறார். அதில் "எவ்வித ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை" என்றே இருக்கிறது. முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. அப்போது இந்த இடத்தில் இருந்தவர் பதிவேட்டைப் பார்க்காமல் எழுதியிருக்க வேண்டும். இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டுமா? நம் மாணவருக்கு இது தெரிந்தால், "அவனுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள்" என்று கேட்பார்.

இரண்டாம்படி

தூங்குகிற நாயைத் தட்டி எழுப்ப வேண்டாம். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, அந்தப் பையன் எங்கோ வேலையில் இருப்பான். தவறு கல்லூரியுடையது, அவனுடையதில்லை.

பழைய பதிவாளர்

அவர் கேட்டு வாங்கினாரா, கல்லூரி தானாகக் கொடுத்ததா என்று தெரியாமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவருடைய விண்ணப்பக் கடிதம் கோப்பில் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். எப்படி இருந்தாலும் முதல்வரிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வையுங்கள். சரிபார்ப்பு மின்னஞ்சல் வந்தால் யார், என்ன பதில் தருவது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆள்தேடி

குறிப்பு வைத்துவிட்டால் அப்புறம் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாதே ஐயா?

பழைய பதிவாளர்

தெரிந்துவிட்டதே தம்பி, இனி எப்படிச் சொல்ல முடியும்? மேசைக்குறிப்பு, விண்ணப்பக் கடிதம் கிடைத்ததா?

மேசைக்குறிப்பு

அந்த ஆண்டுக் கட்டு பழைய கட்டடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை சாவி வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.